மாமா சொன்ன படிப்பு, என்னுடைய காரணம்: விண்ணப்பக் கூற்றுப் பற்றி வன்னி மாணவர்கள் கேட்பவை

இங்கே கம்பஸுக்கு இசட் புள்ளியைத்தானே பார்க்கிறார்கள்? 'ஏன் இந்தப் படிப்பு' என்று விளக்கும் இந்த விண்ணப்பக் கூற்றை எதற்கு எழுத வேண்டும்?

உள்நாட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்கு எழுதத் தேவையில்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு உங்கள் இசட் புள்ளியையும், மாவட்டத்தையும், நீங்கள் நிரல்படுத்திக் கொடுத்த பாடநெறிகளையும் பார்க்கும். பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீத இடங்கள் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. 'ஏன் இந்தப் படிப்பு' என்று அந்த விண்ணப்பம் எங்கும் கேட்பதில்லை. அதனால்தான் நம் பிள்ளைகளில் பலர், அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்காமலே பத்தொன்பது வயதை எட்டிவிடுகிறார்கள்.

வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும்போது அந்தக் கேள்விதான் முதலில் வருகிறது. இந்தப் பக்கம், பிரித்தானியப் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவாக விண்ணப்பிக்கும் யூகாஸ் விண்ணப்பத்தை மனதில் வைத்து எழுதப்பட்டது. வன்னியிலிருந்து சொந்தக்காரர் உதவியோடு போகும் மாணவர்கள் என்னிடம் அதிகம் கொண்டுவருவது அதைத்தான். 2026 அனுமதியிலிருந்து அங்கே ஒரே நீண்ட கட்டுரை இல்லை. மூன்று கேள்விகள் இருக்கின்றன: இந்தப் பாடத்தை ஏன் படிக்க விரும்புகிறீர்கள், இதுவரை கற்றவை அதற்கு உங்களை எப்படித் தயார் செய்தன, கல்விக்கு வெளியே வேறு என்ன செய்தீர்கள், அது ஏன் பயன்படும். இடைவெளிகளையும் சேர்த்து மூன்றுக்கும் மொத்தம் 4,000 எழுத்துகள். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350. ஆங்கிலத்தில் அது ஏறக்குறைய 600 சொற்கள். அதிகபட்சம் ஐந்து தெரிவுகள் செய்யலாம். ஐந்துக்கும் இந்த ஒரே கூற்றுத்தான் போகும்.

கணக்கீடு படிக்கச் சொன்னது லண்டனில் இருக்கும் மாமா. செலவும் அவருடையது. அதை எழுதினால் 'இந்தப் பிள்ளைக்கு விருப்பமில்லை' என்று நினைக்கமாட்டார்களா?

சொன்னதோடு நிறுத்தினால் நினைப்பார்கள். சொல்லிவிட்டு அடுத்த வரியில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதினால் நினைக்கமாட்டார்கள்.

விண்ணப்பத்தை வாசிப்பவருக்கு ஒரே கவலைதான்: இந்த மாணவர் முதலாம் ஆண்டின் நடுவில், பாடம் கடினமாகும்போது, விட்டுவிட்டுப் போய்விடுவாரா? வீட்டார் தெரிவுசெய்த படிப்பு என்பதனால் மட்டும் அந்தப் பயம் வருவதில்லை. உலகம் முழுக்கப் பதினெட்டு வயதுப் பிள்ளைகளின் படிப்பில் பெற்றோரின் கை இருக்கிறது. வீட்டாரின் காரணத்துக்கு அப்பால் கூற்றில் வேறொன்றும் இல்லை என்றால்தான் அந்தப் பயம் வரும்.

மறைப்பதால் வரும் கெடுதல் வேறு. மாமாவை வெட்டி எறிந்தால், நீங்களாகவே ஒருநாள் கணக்கீட்டின் மேல் காதல் கொண்டதாக ஒரு கதை கட்ட வேண்டியிருக்கும். உயிரியல் படிக்க விரும்பிய பிள்ளை 'சிறு வயது முதலே எண்கள் என்றால் எனக்குத் தீராத ஆர்வம்' என்று தொடங்கும். அந்த ஆர்வத்துக்கு ஓர் ஆதாரம் தேட வேண்டும், கிடைக்காது, இன்னொரு பொய் வேண்டும். மூன்றாம் பந்தியில் கூற்று முழுவதும் யாரோ ஒருவருடையதாகிவிடும்.

எழுதியே ஆகவேண்டும் என்றும் இல்லை. குடும்பத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாத நேர்மையான கூற்றும் உண்டு. மாமாவின் தீர்மானத்தைச் சொல்லாமல் உங்கள் காரணம் எங்கே தொடங்கியது என்று விளக்க முடியாதபோது மட்டும் சொல்லுங்கள். நம் வீடுகளில் அது பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது.

உண்மையைச் சொன்னால் எனக்கென்று ஒரு காரணமும் இல்லை. மாமா சொன்னார், நான் சேர்ந்தேன். எங்கே போய்த் தேடுவது?

நெஞ்சுக்குள் தேடாதீர்கள். அங்கே பயமும் நன்றியும்தான் முதலில் அகப்படும். நீங்கள் செய்தவற்றில் தேடுங்கள். ஒரு கொப்பித் தாளில் இரண்டு கேள்விக்குப் பதில் எழுதுங்கள். ஒன்று: இந்தப் பாடம் சம்பந்தமாக, யாரும் சொல்லாமல், சோதனைக்கும் வராத எதை நான் செய்தேன்? மற்றது: மாமா நாளைக்கே அழைத்து 'கணக்கீடு வேண்டாம், வேறு படி' என்றால், எதை விட்டுப்போக எனக்கு மனம் வராது?

ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். நான் பார்த்த பல பிள்ளைகளைச் சேர்த்துச் செய்த உருவம் அவர். வீடு கண்டாவளைப் பக்கம். இரணைமடுத் தண்ணீரை நம்பிய வயல். சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கு ஏ எடுத்தவர். உயிரியல் பிரிவைத்தான் கேட்டார். மாமாவும் அம்மாவும் தொலைபேசியில் பேசி வணிகப் பிரிவில் சேர்த்தார்கள். உயர்தரத்துக்குக் கணக்கீடு, பொருளியல், வணிகக் கல்வி. முதல் தடவை வந்தபோது அவர் எழுதியிருந்தது, மாமாவின் வாழ்க்கை வரலாறு: எப்படிப் போனார், எப்படி இரவு வேலை செய்துகொண்டே படித்தார், இப்போது எந்த நிலையில் இருக்கிறார். நல்ல வரலாறு. ஆனால் விண்ணப்பிப்பது மாமா இல்லை.

இரண்டு கேள்விக்கும் முதலில் 'ஒன்றுமில்லை' என்றுதான் எழுதினார். அப்படி எழுதுவது வழக்கம், அதை நம்பக்கூடாது. பிறகு, வீட்டில் காசு சம்பந்தமான எழுத்து வேலை யார் செய்வது என்று கேட்டால் விடயம் வெளியே வரும். அவர்தான். அம்மா எடுத்திருந்த குழுக்கடனின் பாஸ் புத்தகத்தைப் பார்ப்பதும் அவர்தான்.

நுண்கடன் என்றால் வன்னியில் விளக்கம் தேவையில்லை. ஒரு வீட்டு முற்றத்தில் கிழமைக்கொரு நாள் பெண்கள் கூடுவார்கள். தவணை வசூலிப்பவர் மோட்டார் சைக்கிளில் வருவார். ஒருவர் கட்டாவிட்டால் குழு பொறுப்பு. கடன் 50,000 ரூபா, கிழமைக்கு 1,250 ரூபா, 52 கிழமை என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 65,000. 'வருடத்துக்கு 30 வீதம்' என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். 15,000 என்பது 50,000 இன் 30 வீதம்தானே. ஆனால் அந்த 50,000 வருடம் முழுக்க அம்மாவின் கையில் இருக்கவில்லை. முதல் கிழமையிலிருந்தே திரும்பிப் போகத் தொடங்கிவிட்டது. பாதி வருடம் முடியும்போது ஏறக்குறைய பாதிக் கடன் அடைபட்டிருக்கும். வட்டியோ முழுத் தொகைக்கும் முழு வருடத்துக்கும் போட்டபடியே இருக்கும். மீதியாக நிற்கும் கடனுக்கு மட்டும் வட்டி என்று பார்த்தால் வீதம் என்ன? கைபேசியில் உள்ள விரிதாளில் அவர் இதைத் தட்டிப் பார்த்தார்:

```
=RATE(52,-1250,50000)*52
```

விடை 0.54. அதாவது வருடத்துக்கு ஏறக்குறைய 54 வீதம்.

இதை அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு 'இதெல்லாம் எழுதக்கூடியதா?' என்று கேட்பார். இதைத்தான் எழுத வேண்டும். மாமா இதைச் செய்யச் சொல்லவில்லை. பாடத்திட்டமும் கேட்கவில்லை. கேள்வி அங்கேயும் நிற்கவில்லை: நெல்லுக் காசு காலபோக அறுவடைக்கு ஒரு தடவை வரும், தண்ணீர் இருந்தால் சிறுபோகத்துக்கு இன்னொரு தடவை வரும், தவணை மட்டும் கிழமைக்குக் கிழமை. வருட முடிவில் கணக்குப் பார்த்தால் வயல் இலாபத்தில் இருக்கலாம். ஆனால் அறுவடைக்கு முன் கார்த்திகையில் தவணைக்குக் காசில்லாமல் தோடு அடகு போகலாம். வகுப்பில் படித்த காசுப்பாய்ச்சற் கூற்று எதற்கு என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது. பாடத்தில் அதுவரை அது ஒரு 'மார்க்ஸ்' தரும் கேள்வி மட்டும்.

இரண்டாவது கேள்விக்கும் விடை இங்கேயே கிடைத்தது. கணக்கீட்டை விடச் சொன்னால் எதை விட மனம் வராது? பேரேட்டை எழுதிச் சமப்படுத்தும் வேலையை விட்டுவிடுவார். அது அவருக்கு அலுப்பு. ஒரு கணக்கு எதைக் காட்டாமல் விடுகிறது என்று தேடுவதை விடமாட்டார். காரணம் என்பது இவ்வளவு ஒடுங்கியதாக இருந்தால் போதும். பாடம் முழுவதையும் நேசிக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

சரி, அது என் காரணம் என்று வைத்துக்கொள்வோம். மாமாவையும் அதையும் ஒன்றாக எப்படி வசனமாக்குவது?

முதலில் தமிழில் எழுதுங்கள். நேரே ஆங்கிலத்தில் தொடங்கினால் இணையத்தில் வாசித்த வசனங்கள்தான் கைக்கு வரும். தமிழில் நீங்கள் அம்மாவிடம் சொல்வதுபோல எழுதி, பிறகு மாற்றுங்கள். கீழே வருபவையும் தமிழ் வரைவுகளே.

அந்த மாணவியின் முதல் வரைவு இப்படி இருந்தது: 'என் மாமா எனக்கு வழிகாட்டி. அவரைப் போல் ஒரு கணக்காளராகி என் குடும்பத்தையும் சமூகத்தையும் உயர்த்துவதே என் இலட்சியம்.' இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் கணக்காளர் என்பதை எடுத்துவிட்டுத் தாதி என்றோ பொறியியலாளர் என்றோ போட்டால் வசனம் அப்படியே நிற்கும். அப்படி நின்றால் அங்கே காரணம் இல்லை. இதை ஒவ்வொரு வசனத்துக்கும் செய்து பாருங்கள். இரக்கமில்லாத சோதனை, ஆனால் ஏமாற்றாது.

இரண்டாவது வரைவில் கோபம் வந்தது: 'எனக்கு உயிரியல் படிக்க விருப்பம் இருந்தும் குடும்பம் அனுமதிக்கவில்லை. எனக்கு வேறு வழி இருக்கவில்லை.' இதுவும் உண்மைதான். வாசிப்பவர் இதிலிருந்து எடுத்துக்கொள்வது, இவர் உயிரியலுக்குப் போயிருக்க வேண்டியவர் என்பதை மட்டுமே. மனக்குறையை எங்காவது எழுதித் தீர்க்க வேண்டும். அதற்கு நாட்குறிப்பு இருக்கிறது.

மூன்றாவது வரைவு இங்கே வந்து நின்றது:

'கணக்கீட்டை முதலில் தெரிவுசெய்தது நான் அல்ல. சாதாரண தரப் பெறுபேறு வந்தபோது நான் உயிரியலைக் கேட்டேன்; என் தாயும், படிப்புச் செலவை ஏற்கவிருந்த மாமாவும் வணிகப் பிரிவைத் தீர்மானித்தார்கள். முதல் வருடம் பரீட்சைக்காகத்தான் படித்தேன். அதன் பிறகு என் தாயின் குழுக்கடனைக் கணக்குப் பார்த்தேன். வருடத்துக்கு 30 வீதம் என்று சொல்லப்பட்ட கடன், குறைந்துவரும் மீதிக்குக் கணக்கிட்டபோது 54 வீதமாக இருந்தது. இரண்டு எண்ணும் பிழையில்லை. ஒரே கடனுக்கு இரண்டு சரியான விடை இருக்க முடியும் என்றால், எதைக் கடன்பெறுபவருக்குக் காட்ட வேண்டும் என்று யார் தீர்மானிப்பது? பல்கலைக்கழகத்தில் நான் படிக்க விரும்புவது இந்தக் கேள்வியை.'

குடும்பத்துக்கு இதில் ஒரே ஒரு வசனம், அதன் இரு பாதிகள். குற்றச்சாட்டு இல்லை, புகழ்ச்சியும் இல்லை. யார் என்ன தீர்மானித்தார்கள் என்ற செய்தி மட்டும். மாமா ஏன் அப்படித் தீர்மானித்தார் என்ற விளக்கத்தையும் அவர் விட்டுவிட்டார். 'முதல் வருடம் பரீட்சைக்காகத்தான் படித்தேன்' என்பது துணிந்து எழுதிய வரி. பலர் அதை வெட்டச் சொல்வார்கள். எனக்கு அது இருப்பதே பிடிக்கிறது: அதைச் சொல்லும் ஒருவர் அடுத்துச் சொல்வதையும் நம்பலாம் என்று தோன்றுகிறது. ஆனால் அந்த வரி தனியாக நிற்கக் கூடாது. அடுத்த வசனத்திலேயே செயல் வந்துவிட வேண்டும்.

ஓர் இடத்தில் மட்டும் நான் கைவைத்தேன். 'அந்த நாள் என் வாழ்க்கையே மாறிவிட்டது' என்று முதலில் எழுதியிருந்தார். மாறவில்லை. அடுத்த நாளும் பேரேடு அவருக்கு அலுப்பாகத்தான் இருந்திருக்கும். அந்த வரியை எடுத்துவிட்டு, அதன் பிறகு என்ன செய்தார் என்று கேட்டோம். குழுவில் இருந்த வேறு சில பெண்களின் பாஸ் புத்தகங்களுக்கும் இதே கணக்கைப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அது மூன்றாவது கேள்விக்குப் போயிற்று.

ஒரு எச்சரிக்கை: அயலவரின் பெயர், கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் இரண்டையும் எழுதாதீர்கள். உங்கள் கணக்குக்கு அவை தேவையில்லை.

மூன்று கேள்விகளில் வீட்டுக் கதை எதில் வரவேண்டும்?

முதலாவதில், ஒரு தடவை. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் மாமா தலைகாட்டக் கூடாது.

இரண்டாவதில் பாடங்களை வரிசையாகச் சொல்லாமல், உங்கள் காரணத்தைத் தொடர்ந்து இழுத்துப் போங்கள். எங்கள் மாணவி அங்கே அறவிடமுடியாக் கடன் பற்றி எழுதினார். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்திருந்த, ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் அறிவித்தது. கடன்பட்டவருக்கு அது நிம்மதி. கொடுத்தவரின் ஏட்டில் அது எந்தப் பக்கம் போகும், இழப்பை ஈற்றில் யார் தாங்குவது? உயர்தர வகுப்பில் கற்ற ஒரு பதிவை வெளியில் நடந்த ஒன்றோடு பொருத்திப் பார்த்த நான்கு வரிகள். பாடத்திட்டத்தின் தலைப்புகளை அடுக்குவதைவிட இது எவ்வளவோ மேல். பாடத்திட்டம் என்னவென்று அவர்களுக்குத் தெரியும்.

அப்பா இல்லை. இறுதி யுத்தம், முகாம், எல்லாம் எங்கள் வீட்டுக் கதையில் இருக்கிறது. அதை எழுதாமல் விட்டால் மாமாவின் தீர்மானமே விளங்காதே?

விளங்காமல் போகலாம். அதற்கு விண்ணப்பத்தில் வேறோர் இடம் இருக்கிறது. உங்கள் ஆசிரியர் எழுதும் பரிந்துரையில், மாணவரின் படிப்பைப் பாதித்த சூழ்நிலைகளுக்கென்று தனிப் பகுதி உண்டு. தந்தை இல்லாதது, இடம்பெயர்ந்தது, பள்ளிக்கூடத்தில் கணக்கீட்டுக்கு ஆசிரியர் இல்லாமல் ஒரு தவணை போனது, எல்லாவற்றையும் அவர் அங்கே எழுதலாம். ஆசிரியரிடம் நேரே போய்ச் சொல்லுங்கள். அவராக ஊகித்து எழுதமாட்டார். எதை எழுதலாம், எதை எழுத வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.

உங்கள் கூற்றில் எழுதுவதானால் உங்கள் வயதை மறக்காதீர்கள். இப்போது விண்ணப்பிப்பவர்கள் 2009இல் கைக்குழந்தைகள், மிஞ்சினால் நடைபழகிய பிள்ளைகள். செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. அங்கே பட்டதை உங்கள் நேரடி நினைவாக எழுதும் கூற்றுகளைப் பார்த்திருக்கிறேன். அம்மாவின் நினைவை அம்மாவின் நினைவு என்றே எழுதுங்கள்: 'என் தாய் சொல்லிக் கேட்டது'. உங்களுடையது என்று உறுதியாகச் சொல்லக்கூடியது வேறு: வீட்டில் ஒரே ஒரு சம்பாத்தியம் இருந்ததனால் ஒரு படிப்பை எல்லோரும் காசாகக் கணக்குப் பார்த்தார்கள் என்பது. அது உங்கள் கண்முன் நடந்தது.

இரக்கத்துக்காக எழுதப்பட்ட பந்தி எப்படித் தெரியும் என்றால், அதற்குப் பிறகு வரும் பந்திக்கு அதோடு தொடர்பே இருக்காது.

மாமாவே முழுவதையும் எழுதி அனுப்பிவிட்டார். நல்ல ஆங்கிலம். அதையே போட்டால் என்ன?

போடாதீர்கள். யூகாஸுக்கு வரும் ஒவ்வொரு கூற்றும் முந்தைய கூற்றுகளோடும் இணையத்தில் உள்ளவற்றோடும் ஒப்பிட்டுப் பார்க்கப்படும். ஒற்றுமை அதிகம் என்று தெரிந்தால் நீங்கள் விண்ணப்பித்த பல்கலைக்கழகங்களுக்கு அறிவித்தல் போகும். மாமா எங்கிருந்து எடுத்தார் என்பது உங்களுக்குத் தெரியாது. ஒருவேளை அவர் மூத்த அண்ணாவுக்கு எழுதிக் கொடுத்ததையே திருத்தி அனுப்பியிருப்பார்.

அவரை ஒதுக்கவும் தேவையில்லை. நீங்கள் எழுதியதை அனுப்பி ஆங்கிலப் பிழை பார்க்கச் சொல்லுங்கள்: 'மாமா, எழுத்துப் பிழையை மட்டும் பாருங்கோ, விடயத்தை மாத்த வேண்டாம், நேர்முகத்தில் என்னைத்தான் கேட்பார்கள்' என்றால் அவருக்கு விளங்கும். அங்கே இருப்பவர்களுக்கு விசா நேர்முகம் என்றாலே ஒரு மரியாதை.

அம்மா இதை வாசித்தால் 'உனக்கு விருப்பமில்லாததை நாங்கள் திணித்தோமா' என்று கேட்பார். எப்படிச் சமாளிப்பது?

அனுப்புவதற்கு முன் நீங்களே தமிழில் வாசித்துக் காட்டுங்கள். பிறகு யாரோ சொல்லி அவர் அறிவதுதான் அதிகம் நோகும். வாசிக்கும்போது 'தீர்மானித்தார்கள்' என்ற இடத்தில் அம்மா நிறுத்துவார், நிறுத்தட்டும். பெரும்பாலும் அவர் சொல்லப்போவது, 'நாங்கள் ஏன் சொன்னோம் என்றும் எழுதலாமே' என்பது. இடம் இருந்தால் அரை வரி எழுதலாம்: 'நிலையான வருமானம் வேண்டும் என்பதற்காக'. அது நியாயமான காரணம். அதை மறைக்க எந்த அவசியமும் இல்லை.

ஆனால் அம்மாவைச் சமாதானப்படுத்துவதற்காக 'என் முழு விருப்பத்தோடு' என்று ஒரு வரி சேர்க்காதீர்கள். அந்த வரி கூற்றின் மற்ற எல்லா வரிகளோடும் முரண்படும்.

நேர்முகத்தில் 'யார் சொல்லி இதைப் படிக்கிறாய்' என்று கேட்டால்?

கூற்றில் எழுதியதையே சொல்லுங்கள், அதே ஒழுங்கில்: முதலில் வீட்டார் தீர்மானித்தது, பிறகு நான் செய்தது. மாணவர் விசாவுக்கு விண்ணப்பிப்பவர் உண்மையாகவே படிக்கத்தான் வருகிறாரா என்று பல்கலைக்கழகமும் விசா அதிகாரியும் நேர்முகம் வைத்துப் பார்க்கலாம். ஏன் இந்தப் பாடம், ஏன் இந்தப் பல்கலைக்கழகம், செலவு யாருடையது என்பவை அங்கே வழக்கமான கேள்விகள். கட்டுக்கதை உடைவது இரண்டாவது துணைக்கேள்வியில். 54 வீதம் எப்படி வந்தது என்று கேட்டால், எங்கள் மாணவி ஒரு தாளில் போட்டுக் காட்டுவார். 'சிறு வயது ஆர்வம்' எழுதியவர் எதைப் போட்டுக் காட்டுவார்?

இதோடு தொட்டு ஒரு காசு விடயம், ஏனென்றால் கடைசி நேரத்தில் பலர் இதில் அகப்படுகிறார்கள். மாமா செலவு செய்கிறார் என்று எழுதுவதில் பிரச்சினை இல்லை. ஆனால் விசாவுக்குக் காட்டும் வங்கி மீதி உங்கள் பெயரிலோ பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலர் பெயரிலோ இருக்க வேண்டும். தொடர்ந்து 28 நாள் கணக்கில் நின்றிருக்கவும் வேண்டும். மாமாவின் கணக்கைக் காட்ட முடியாது. காசை நேரகாலத்தோடு உங்கள் கணக்குக்கு மாற்றி, அது எங்கிருந்து வந்தது என்ற கடிதத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்வதும், கூற்றில் எழுதியதும், வங்கித் தாளும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும்.

எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். இரண்டு கேள்விக்கும் உண்மையாகவே விடை இல்லை. எனக்கு உயிரியல் சம்பந்தமானதுதான் வேண்டும். என்ன எழுதுவது?

கணக்கீட்டுக்கு எதுவும் எழுத வேண்டாம். எழுத்துத் திறமையால் இதைச் சரிசெய்ய முடியாது. அதற்கு நான் உதவுவதுமில்லை.

செய்யக்கூடியது, விண்ணப்பம் போவதற்கு முன் மாமாவோடு பேசுவது. ஆண்டுக் கட்டணம் கட்டிய பிறகு பேசுவதைவிட இப்போது பேசுவது அவருக்கும் மலிவு. 'எனக்குப் பிடிக்கவில்லை' என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அவருடைய கவலை உங்கள் விருப்பம் பற்றியது இல்லை, வேலை பற்றியது. அதனால் எந்தப் பாடம், வணிகப் பிரிவு உயர்தரத்தோடு அதற்குச் சேர முடியுமா, முடியாவிட்டால் அத்திவாரப் பாடநெறிக்கு எத்தனை மாதம், எவ்வளவு காசு, முடித்தால் என்ன வேலை என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு அழையுங்கள். வணிகப் பிரிவில் உயர்தரம் எடுத்தவருக்கு உயிரியல் பட்டங்கள் பெரும்பாலும் நேரே திறக்காது. பாடநெறிப் பக்கத்தில் கேட்கப்பட்ட பாடங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். சுகாதார முகாமைத்துவம், சுகாதாரப் பொருளியல் போன்ற நடுவழிகளும் உண்டு. அவற்றில் உங்கள் பொருளியல் வீணாகாது.

மாமா அப்படியும் ஒத்துக்கொள்ளாவிட்டால், இந்த வருட ஜனவரி முடிவுத் திகதியை விட்டு அடுத்த வருடத்துக்கு விண்ணப்பிப்பதையும் யோசியுங்கள். அந்த இடைவெளியில் பக்கத்து வைத்தியசாலையிலோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ தொண்டராக ஏதாவது செய்ய முடியுமா என்று கேளுங்கள். மூன்று மாதத்துக்குப் பிறகும் உயிரியல்தான் வேண்டும் என்றால், அடுத்த தடவை மாமாவிடம் காட்ட உங்கள் கையில் ஏதோ இருக்கும். மூன்றாவது கேள்விக்கு எழுதவும் இருக்கும்.